கேட்டவுடன் திறக்கும் ரூட்டர்

கூடுவாஞ்சேரியில் நெல்லிக்குப்பம் சாலையை ஒட்டி எழும்பியிருக்கும் புது வீடுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹாலில் டிவிக்கு மேலே ஃபைபர் நிறுவனத்தின் ஆள் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி இருக்கிறது. அதுதான் ரூட்டர். மாடிப்படிக்குக் கீழே நான்கு கேமராக்களைப் பதிவு செய்யும் டிவிஆர். கல்லூரிக்குப் போகும் மகனுக்கு ஓர் எக்ஸ்பாக்ஸ். மகிந்திரா சிட்டியில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு அலுவலக லேப்டாப். மாடிப் போர்ஷனில் மூன்று மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், வைஃபை பாஸ்வேர்டு அவர்களிடமும் உண்டு. இந்த வீடு கற்பனை. ஆனால் ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் ஊரப்பாக்கத்திலிருந்து மறைமலை நகர் வரை வளர்ந்திருக்கும் வீடுகளில் இப்படி ஒரு கூட்டுக்குடித்தனத்தைப் பார்ப்பது கடினமில்லை.

டிவிஆர் பொருத்த வந்தவர் ஒரு லேன் கேபிளை ரூட்டரில் செருகினார், ஒரு கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கைப்பேசியில் படம் தெரிவதைக் காட்டினார், பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தை அவர் திறக்கவே இல்லை. வீட்டுக்காரர்களும் திறந்ததில்லை. ஆனாலும் இரண்டு நாள் கழித்து ரூட்டருக்குள் இருக்கும் ஒரு பட்டியலைக் கேட்டு வாங்கினால் இப்படி வருகிறது:

```
i protocol exPort->inAddr:inPort description remoteHost leaseTime
0 TCP    80->192.168.1.64:80    'DVR HTTP' '' 0
1 TCP   554->192.168.1.64:554   'DVR RTSP' '' 0
2 TCP  8000->192.168.1.64:8000  'DVR SDK' '' 0
3 UDP  3074->192.168.1.30:3074  'Xbox' '' 0
4 UDP 51413->192.168.1.23:51413 'Transmission at 51413' '' 0
```

முதல் மூன்று வரிகளை எழுதியது டிவிஆர். நான்காவது எக்ஸ்பாக்ஸ். ஐந்தாவது மாடியில் ஒருவர் லேப்டாப்பில் ஓடும் டாரண்ட் மென்பொருள். ஐந்து வரியும் ஐந்து கதவுகள். உலகின் எந்த மூலையிலிருந்தும் அந்த எண்ணைத் தட்டினால் நேராக அந்தப் பெட்டிக்குப் போகும். வீட்டில் யாரும் அனுமதி கொடுக்கவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கப்படவும் இல்லை. இந்த வேலையைச் செய்யும் ஏற்பாட்டுக்கு யுபிஎன்பி என்று பெயர். ரூட்டர் பக்கத்தில் `UPnP` என்று ஒரு சின்னக் குறிப்பெட்டியாக இருக்கும். பெரும்பாலும் வாங்கும்போதே டிக் அடித்திருக்கும்.

இது எதற்காக வந்தது என்று பார்க்க, ரூட்டர் வழக்கமாக என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுக்குள் பத்துக் கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ஒரே ஐபி முகவரி. உள்ளே ஒவ்வொன்றுக்கும் 192.168.1 என்று தொடங்கும் தனி எண். உள்ளிருந்து ஒரு கருவி வெளியே பேசப் போனால், எது யாரோடு எந்தப் போர்ட் வழியாகப் பேசுகிறது என்று ரூட்டர் ஒரு குறிப்பு எழுதிக்கொள்கிறது. பதில் வரும்போது குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. இதை நாட் என்பார்கள். வெளியிலிருந்து யாராவது தானாக வந்து தட்டினால் ரூட்டரிடம் அதற்குக் குறிப்பே இருக்காது, தூக்கிப் போட்டுவிடும். முகவரித் தட்டுப்பாட்டைச் சமாளிக்கத்தான் நாட் வந்தது. பாதுகாப்பு அதன் பக்க விளைவு. ஆனால் அந்தப் பக்க விளைவை நம்பித்தான் முக்கால்வாசி வீடுகள் பிழைக்கின்றன.

சில மென்பொருள்களுக்கு இது தொல்லை. விளையாட்டில் மற்ற ஆட்டக்காரர்கள் நேராக வந்து சேர வேண்டும், டாரண்டில் முன்பின் தெரியாதவர் வந்து கோப்புத் துண்டு கேட்க வேண்டும், வெளியூரிலிருந்து கேமராவைப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ரூட்டர் பக்கத்துக்குள் போய், இந்த எண்ணுக்கு வருவதை இந்தக் கருவிக்கு அனுப்பு என்று கையால் எழுதுவார்கள். பலருக்கு அது தெரியாது. மைக்ரோசாஃப்ட் முன்னின்று 1999-இல் அமைத்த யுபிஎன்பி ஃபோரம், கருவிகளே தங்களுக்குள் பேசி இந்த வேலையை முடித்துக்கொள்ளும்படி ஒரு வரையறையை 2001-இல் வெளியிட்டது. இன்றும் பெரும்பாலான வீட்டு ரூட்டர்களில் ஓடுவது அதே வரையறையின் வழிவந்ததுதான்.

பேச்சு எளிமையானது. டிவிஆர் முதலில் வீட்டு வலையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு கூப்பாடு போடுகிறது:

```
M-SEARCH * HTTP/1.1
HOST: 239.255.255.250:1900
MAN: "ssdp:discover"
MX: 2
ST: urn:schemas-upnp-org:device:InternetGatewayDevice:1
```

'இங்கே வெளியுலக வாசல் யார்?' என்பதுதான் இதன் பொருள். ரூட்டர் தன்னைப் பற்றிய விவரக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பதில் சொல்கிறது. டிவிஆர் அந்தக் கோப்பைப் படித்து, எந்த இடத்தில் கட்டளை கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, `AddPortMapping` என்ற கட்டளையை அனுப்புகிறது. வெளிப் போர்ட் எண், உள் முகவரி, உள் போர்ட் எண், எவ்வளவு நேரத்துக்கு என்பது போன்ற சில விவரங்கள்தான் அதில் இருக்கும். ரூட்டர் 'சரி' என்கிறது. எல்லாம் முடிய ஒரு நொடிகூட ஆகாது.

அந்தக் கட்டளையில் இல்லாத ஒன்றைக் கவனியுங்கள். பாஸ்வேர்டு இல்லை. பயனர் பெயர் இல்லை. ரூட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய நீங்களே பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். ஆனால் அதே பக்கத்தில் செய்யக்கூடிய மிக ஆபத்தான மாற்றத்தை வீட்டு வலையில் இருக்கும் எந்தக் கருவியும் எதுவும் கொடுக்காமல் செய்துகொள்ளலாம். அபார்ட்மெண்ட் காவலாளி இன்டர்காமில் யார் குரல் வந்தாலும், 'விருந்தாளியை மேலே அனுப்பு' என்றால் அனுப்பிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசியது வீட்டுக்காரரா, கொரியர் கொடுக்க வந்தவரா என்று பார்ப்பதில்லை. வீட்டுக்குள் இருப்பவர்கள் எல்லோரும் நம்பகமானவர்கள் என்பது 2001-இன் அனுமானம். அப்போது வீட்டில் ஒரு கணினி இருந்தது. இன்று பல்பும் ஏசியும் மாடிக் குடித்தனக்காரரின் கைப்பேசியும் அதே வலையில்தான் இருக்கின்றன.

இன்னும் ஒரு நுணுக்கம். பழைய வரையறைப்படி ஒரு கருவி தனக்காக மட்டுமல்ல, வேறொரு கருவிக்காகவும் கதவு திறக்கச் சொல்லலாம். மாடியில் ஒருவர் கைப்பேசியில் நிறுவிய ஏதோ ஒரு செயலி, கீழே அம்மாவின் அலுவலக லேப்டாப்புக்கு நேராக ஒரு கதவைத் திறந்துவிட முடியும். மினியுபிஎன்பிடி போன்ற நல்ல மென்பொருள்களில் `secure_mode` என்று ஓர் அமைப்பு உண்டு. அது இருந்தால் கேட்பவரின் சொந்த முகவரிக்கு மட்டுமே திறக்கும். நிறுவனம் கொடுத்த வெள்ளைப் பெட்டிக்குள் அது இருக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

மேலே உள்ள பட்டியலின் கடைசிப் பத்தியில் இருக்கும் 0 என்ற எண்ணும் சாதாரணமானதல்ல. கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதற்கான இடம் அது. 0 என்றால் காலவரம்பே கிடையாது. டாரண்டை மூடும்போது ஒழுங்கான மென்பொருள் தன் வரியை அழித்துவிட்டுப் போகும். மின்சாரம் போய் லேப்டாப் அணைந்தாலோ மென்பொருள் திடீரென்று நின்றாலோ வரி அப்படியே கிடக்கும். மாணவர் ஊருக்குப் போய்விடுகிறார். 192.168.1.23 என்ற முகவரி காலியாகிறது. மறுவாரம் அந்த வீட்டுக்கு வரும் உறவினரின் லேப்டாப்புக்கு ரூட்டர் அதே முகவரியைக் கொடுக்கிறது. யாரோ திறந்த கதவு இப்போது வேறு யாருக்கோ நேராக இருக்கிறது. பின்னால் 2010-இல் வந்த இரண்டாம் பதிப்பு இதைத் திருத்தி, அதிகபட்சம் 6,04,800 நொடி, அதாவது ஒரு வாரம் என்று வரம்பு வைத்தது. முதல் பதிப்பு ரூட்டர்களுக்கு அந்த வரம்பு கிடையாது.

இதெல்லாம் வீட்டுக்குள்ளிருந்து கேட்பவர்களைப் பற்றியது. வெளியிலிருந்தே கேட்க முடிந்தால்? வரையறையை எழுதியவர்கள் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் மலிவாக ரூட்டர் செய்தவர்கள் பலர், யுபிஎன்பி சேவையை வீட்டுப் பக்கம் மட்டும் காது கொடுக்கும்படி அமைக்கத் தவறினார்கள். எச்.டி. மூர் தலைமையில் ரேபிட்7 நிறுவனம் 2012-இல் இணையம் முழுவதையும் அலசிப் பார்த்து, 2013 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. 8 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் வெளியிலிருந்து போட்ட யுபிஎன்பி கூப்பாட்டுக்குப் பதில் சொல்லியிருந்தன. அவற்றில் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் கட்டளை வாங்கும் இடத்தையும் வெளியே காட்டிக்கொண்டிருந்தன.

அதை வைத்து என்ன செய்யலாம் என்பது 2018-இல் தெரிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அகமாய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 45,000-க்கும் மேற்பட்ட ரூட்டர்களின் பட்டியலில் வீட்டுக்காரர்கள் எழுதாத வரிகளைக் கண்டார்கள். விளக்கம் எழுதும் இடத்தில் `galleta silenciosa` என்று ஸ்பானிய மொழியில் கையெழுத்துப் போலப் போட்டிருந்தார்கள். வரிகள் உள்ளே இருக்கும் கணினிகளின் 139, 445 என்ற போர்ட்களுக்குக் கதவு திறந்தன. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் எண்கள் அவை. முந்தைய ஆண்டு வான்னாக்ரை பரவியது இதே 445 வழியாகத்தான். அப்போது நாட்டுக்குப் பின்னால் இருந்ததால் தப்பித்த பழைய விண்டோஸ் கணினிகளைத் தேடிப் பிடிப்பதே நோக்கம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ரூட்டரில் வைரஸ் கிடையாது, கணினியில் யாரும் எதையும் கிளிக் செய்யவில்லை. பட்டியலில் ஒரு வரி கூடியிருந்தது, அவ்வளவுதான். அதனால்தான் வைரஸ் தேடும் மென்பொருளுக்கு இது அகப்படாது. பட்டியலைப் படித்தால் மட்டுமே தெரியும்.

பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வைத்திருந்தவர்களுக்கு 2017 ஜூலை கடைசி நினைவிருக்கலாம். தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாத மோடங்கள் ஒரு தாக்குதலில் செயலிழந்தன. நிறுவனம் வாடிக்கையாளர்களைப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. அது யுபிஎன்பியின் வேலை அல்ல. ஆனால் வெளியிலிருந்து எட்டக்கூடிய ஒரு பெட்டியும் மாற்றாத பாஸ்வேர்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே நடந்த உதாரணம். யுபிஎன்பி செய்வது அந்த இரண்டில் முதல் பாதியை.

இனி கூடுவாஞ்சேரி வீட்டுக்கே திரும்புவோம். அந்த ஐந்து கதவுகளும் உண்மையிலேயே தெருவில் திறக்கின்றனவா? இந்தக் கேள்வியை யுபிஎன்பி பற்றி அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. அமெரிக்காவில் எழுதிய அறிவுரையை அப்படியே சொன்னால் இந்த இடத்தில்தான் சறுக்கும்.

இந்தியாவில் பல ஃபைபர் நிறுவனங்கள் வீட்டுக்குத் தனி வெளி முகவரி கொடுப்பதில்லை. பல வீடுகளைச் சேர்த்து நிறுவனத்தின் பெரிய ரூட்டர் ஒன்றுக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். அங்கே இன்னொரு முறை நாட் நடக்கிறது. இதற்கு சிஜிநாட் என்று பெயர். இதற்கென்றே 2012-இல் ஒரு முகவரித் தொகுதியை ஒதுக்கினார்கள்: 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை. உங்கள் ரூட்டரின் நிலைப் பக்கத்தில் `WAN IP` என்ற இடத்தில் இந்த எல்லைக்குள் ஓர் எண்ணோ, 10 என்று தொடங்கும் எண்ணோ இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். வேறு எண்ணாக இருந்தால், கூகுளில் 'what is my ip' என்று கேட்டு வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது. வேறானால் இல்லை. ஒப்பிடும்போது இரண்டும் புள்ளி வைத்த நான்கு எண் முகவரியாக இருக்க வேண்டும். சில சமயம் அந்தப் பக்கம் ஐபிவி6 முகவரியைக் காட்டும்.

சிஜிநாட் வீட்டில் யுபிஎன்பி நாடகம்தான். டிவிஆர் கேட்கிறது, ரூட்டர் சரி என்கிறது, பட்டியலில் வரி ஏறுகிறது. ஆனால் வெளியுலகம் தட்டுவது நிறுவனத்தின் பெரிய ரூட்டரை. அது உங்கள் டிவிஆரின் பேச்சைக் கேட்பதில்லை. மினியுபிஎன்பிடியின் புதிய பதிப்புகள் இந்த நிலையைப் புரிந்துகொண்டு, வெளி முகவரி பொது முகவரி அல்ல என்றால் கதவு திறக்கவே மறுக்கின்றன. பழைய பெட்டிகள் பொய்யாகச் சரி என்றுதான் சொல்லும். கைப்பேசியில் கேமரா தெரிந்தது எப்படி என்றால், அது இந்தக் கதவு வழியாக வரவே இல்லை. டிவிஆர் உள்ளிருந்தே தன் தயாரிப்பாளரின் சர்வரோடு தொடர்பு வைத்துக்கொள்கிறது. கைப்பேசிச் செயலியும் அங்கே போய்ச் சேர்கிறது. பொருத்தியவர் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தது அதற்காகத்தான்.

ஆக, கூடுவாஞ்சேரி வீடு சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்தால் அந்த ஐந்து வரியால் பயனும் இல்லை, பெரிய ஆபத்தும் இல்லை. ஒரு நாள் அந்த வீட்டுக்காரர் நிறுவனத்தைக் கூப்பிட்டு, மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி ஸ்டாடிக் ஐபி வாங்குகிறார் என்று வையுங்கள். கேமராவுக்காகவோ, மகனின் விளையாட்டுக்காகவோ, அலுவலக விபிஎன்-க்காகவோ இருக்கலாம். அன்றே, அந்த நிமிடமே, தூங்கிக்கொண்டிருந்த ஐந்து வரிக்கும் உயிர் வந்துவிடுகிறது. அதற்கு முன் வருடக்கணக்காக ஒன்றும் ஆகவில்லையே என்ற நம்பிக்கைக்கு அன்றிலிருந்து அடிப்படை கிடையாது. என் அனுபவத்தில் இந்தத் தருணத்தைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். ஸ்டாடிக் ஐபிக்கு விண்ணப்பிக்கும் அன்றே யுபிஎன்பியை அணைப்பது நல்லது.

ரூட்டர் மேல் விழும் பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் யுபிஎன்பியை அணைப்பது அதற்காகத்தான். 'ரூட்டர் ஸ்லோவாக இருக்கிறது, யுபிஎன்பியை ஆஃப் பண்ணுங்க' என்று ஒரு வைத்தியம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நேரடியாகப் பார்த்தால் அதில் சாரம் இல்லை. கூப்பாடும் பதிலும் சில நூறு பைட்டுகள், அதுவும் எப்போதோ ஒரு முறை. பட்டியலில் ஐந்து வரி இருந்தாலும் ஐம்பது வரி இருந்தாலும், ஓர் இணைப்பின் முதல் பாக்கெட் வரும்போதுதான் ரூட்டர் அதைப் பார்க்கும். அதன் பிறகு வரும் லட்சம் பாக்கெட்டுகளும் வேறொரு நோட்டைப் பார்த்துப் போய்விடும்.

பாரம் அந்த நோட்டில்தான். நடந்துகொண்டிருக்கும் ஒவ்வோர் இணைப்புக்கும் ரூட்டர் எழுதி வைக்கும் குறிப்பு என்று மேலே சொன்னேனே, அதற்கு அளவு உண்டு. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரூட்டர்களில் நெடுநாள் இருந்த உச்சவரம்பு 16,384 இணைப்புகள். எண் பெரிதாகத் தெரியலாம். டாரண்ட் மென்பொருளான கியூபிட்டாரண்ட் தானாக வைத்துக்கொள்ளும் வரம்பு 500 இணைப்புகள். மாடியில் மூவரும் ஓட்டினால் 1,500. அதற்கு மேல், மற்றவர்களைத் தேடுவதற்காக டாரண்ட் அனுப்பும் யுடிபி விசாரணைகள், ஒவ்வொன்றும் அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை நோட்டில் இடம் பிடிக்கும். யுபிஎன்பி கதவு திறந்திருந்தால் வெளியிலிருந்து வரும் விசாரணைகளும் சேரும். நிறுவனம் கொடுத்த சின்னப் பெட்டி இதில் திணறுவது உண்மைதான். ஆனால் கதவை மூடினால் குறைவது ஒரு பகுதியே. டாரண்டின் வரம்பை 500-லிருந்து 100-ஆகக் குறைப்பது அதைவிட நன்றாக வேலை செய்யும்.

நோட்டை உண்மையில் நிரப்புவது வேறொன்று. டிவிஆரின் 80-ஆம் எண் கதவு வழியாக, அதன் பழைய மென்பொருளில் உள்ள ஓட்டையைப் பிடித்து, மிராய் வகை நிரல் ஒன்று உள்ளே வந்துவிட்டது என்று வைப்போம். மிராயின் மூல நிரல் 2016-இல் வெளியாகிவிட்டதால் அது என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த இரையைத் தேடி, நொடிக்கு 160 முகவரிகளைத் தட்டும்படி அதில் எழுதியிருக்கிறது. பெரும்பாலும் பதில் வராது. பதில் வராத முயற்சி ஒவ்வொன்றையும் லினக்ஸ் ரூட்டர் வழக்கமாக 120 நொடி வரை நினைவில் வைத்திருக்கும். 160-ஐ 120-ஆல் பெருக்கினால் 19,200. நோட்டின் அளவு 16,384. இரண்டு நிமிடம் முடிவதற்குள் நோட்டு நிரம்பிவிடும். ரூட்டரின் உள்குறிப்பில் இப்படி ஒரு வரி வரும்:

```
nf_conntrack: table full, dropping packet
```

வீட்டில் இது எப்படித் தெரியும்? ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வீடியோ கால் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் புதிதாக ஒரு பக்கமும் திறக்காது. ஸ்பீட் டெஸ்ட் பக்கம்கூட வராது. ரூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகும், சில நிமிடத்தில் மறுபடி அதே கதை. இந்த வகை நிரல் பெரும்பாலும் டிவிஆரின் நினைவகத்தில் மட்டும் குடியிருப்பதால், மின்சாரம் போய் வந்தால் மறைந்துவிடும். கதவு திறந்தே இருப்பதால் விரைவிலேயே மறுபடி வந்துவிடும். சோதிக்க எளிய வழி, டிவிஆரின் லேன் கேபிளை மட்டும் பிடுங்கிப் பார்ப்பது. இணையம் உடனே சீரானால் நோயாளி ரூட்டர் அல்ல.

ரூட்டரின் யுபிஎன்பி சேவை வெளிப் பக்கமும் காது கொடுத்தால் இன்னொரு வகைப் பாரம் வரும். 1900-ஆம் எண்ணுக்கு ஒரு சின்னக் கூப்பாடு வந்தால் ரூட்டர் நீளமாகப் பதில் சொல்லும். அமெரிக்காவின் யூஎஸ்-செர்ட் கணக்குப்படி பதில் கேள்வியைப் போல 30.8 மடங்கு. தாக்குபவர், அனுப்பியவர் முகவரியாகத் தான் தாக்க நினைப்பவரின் முகவரியை எழுதி அனுப்பினால், உங்கள் ரூட்டர் அவர் மேல் பாக்கெட்டுகளைக் கொட்டும். உங்கள் அப்லோடு அடைபட்டுக் கிடக்கும். இதை உங்கள் வீட்டுக்குள்ளிருந்து சோதிக்க முடியாது. ஸ்டீவ் கிப்ஸனின் ஷீல்ட்ஸ்அப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு யுபிஎன்பி சோதனை இருக்கிறது. அது வெளியிலிருந்து உங்கள் ரூட்டரைக் கூப்பிட்டுப் பார்த்துச் சொல்லும்.

உள்பட்டியலைப் பார்க்க, உபுண்டு லேப்டாப் இருந்தால் இரண்டு வரி போதும்:

```
sudo apt install miniupnpc
upnpc -l
```

லேப்டாப் இல்லாதவர்கள் ரூட்டர் பக்கத்தில் யுபிஎன்பி என்ற இடத்திலேயே பட்டியலைப் பார்க்கலாம். சில நிறுவனப் பெட்டிகளில் அந்த மெனுவே பூட்டப்பட்டிருக்கும். கதவு உண்மையில் திறந்திருக்கிறதா என்று பார்க்க, கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் உங்கள் வெளி முகவரியைத் தட்டிப் பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே தட்டினால் சில ரூட்டர்கள் உள்ளேயே திருப்பிவிட்டுத் திறந்திருப்பதாகக் காட்டும், நம்பக்கூடாது.

எப்போது அணைக்கலாம் என்பதற்கு என் பதில், சிஜிநாட் வீட்டில் தயங்காமல் அணைக்கலாம், இழப்பதற்கு ஒன்றும் இல்லை. பொது முகவரி உள்ள வீட்டில் கட்டாயம் அணைக்க வேண்டும், ஒரே ஒரு விலக்கு உண்டு. அது விளையாட்டு. யுபிஎன்பியை அணைத்தால் எக்ஸ்பாக்ஸ் நாட் வகையை `Open` என்பதற்குப் பதில் `Moderate` என்று காட்டத் தொடங்கலாம். ஆட்டம் நின்றுவிடாது, சில ஆட்டக்காரர்களோடு சேர்வதும் குரலில் பேசுவதும் சிக்கலாகும். வீட்டில் ஒரே ஒரு எக்ஸ்பாக்ஸ் என்றால் அதற்கு ரூட்டரில் மாறாத முகவரி கொடுத்து, யுடிபி 3074-ஐ மட்டும் கையால் திறந்துவிட்டால் போதும். இரண்டு இருந்தால் கையால் செய்வது சிரமம், இரண்டும் அதே எண்ணைக் கேட்கும். அந்த வீட்டில் ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற மென்பொருள் ஓடும் ரூட்டர் வைத்து, அந்த இரண்டு பெட்டிகளுக்கு மட்டும் யுபிஎன்பி கேட்கும்படி மினியுபிஎன்பிடியின் அமைப்புக் கோப்பில் எழுதலாம்:

```
secure_mode=yes
allow 1024-65535 192.168.1.30/32 1024-65535
allow 1024-65535 192.168.1.31/32 1024-65535
deny 0-65535 0.0.0.0/0 0-65535
```

வாட்ஸ்அப் கால், ஜூம், யூடியூப், அலுவலக விபிஎன், கைப்பேசி விளையாட்டுகள் எதற்கும் யுபிஎன்பி தேவையில்லை. இவை உள்ளிருந்து வெளியே போய்த்தான் பேசுகின்றன. டிவியில் லேப்டாப் படத்தைப் போடும் டிஎல்என்ஏவும் யுபிஎன்பி குடும்பம்தான் என்றாலும், அது வீட்டுக்குள் கருவிகளுக்கிடையே நடக்கும் பேச்சு. ரூட்டரின் குறிப்பெட்டியை அணைத்தாலும் அது ஓடும். கேமராவை வெளியிலிருந்து பார்க்க, போர்ட் திறப்பதைவிடத் தயாரிப்பாளரின் செயலி பரவாயில்லை. அதையும் நம்ப மனமில்லாதவர்கள், பொது முகவரி இருந்தால், ரூட்டரிலேயே வயர்கார்டு விபிஎன் வைத்துக்கொண்டு, அதற்குரிய யுடிபி 51820 என்ற ஒரே எண்ணை மட்டும் திறந்துகொள்ளலாம்.

அணைத்த பிறகு ரூட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள், பழைய வரிகள் பல பெட்டிகளில் அப்போதுதான் அழியும். பட்டியலை மறுபடி பாருங்கள். வரியை மட்டும் அழித்துவிட்டு யுபிஎன்பியை விட்டுவைத்தால் பயனில்லை, டிவிஆர் சிறிது நேரத்தில் மறுபடி கேட்டு எழுதிக்கொள்ளும். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று பல இணைப்புகளில் ஐபிவி6 வருகிறது. அதில் நாட் கிடையாது, ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி. அங்கே காவல் ரூட்டரின் ஃபயர்வால் மட்டுமே. அது அணைந்திருந்தால் யுபிஎன்பியை அணைத்தும் கதவு திறந்தே இருக்கும். ரூட்டரின் பாதுகாப்புப் பக்கத்தில் ஐபிவி6 ஃபயர்வால் ஓடுகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

டிவிஆர் பொருத்த வருபவர் வீட்டில் இருக்கும்போதே, அதன் நெட்வொர்க் மெனுவில் `UPnP`-ஐ அணைக்கவும் தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றவும் சொல்லுங்கள். ரூட்டரில் அணைப்பதை அவரிடம் விடாதீர்கள், அது உங்கள் வேலை.